நேரமும் வேலையும் கணக்குகள்: யூனிட் முறையா, சமன்பாடா?

முதலில் ஒரு கணக்கு. கதிர் ஒரு வேலையைத் தனியாகச் செய்தால் 20 நாளில் முடிப்பார். மாலா தனியாக 24 நாளில் முடிப்பார், யூசுப் 30 நாளில். மூவரும் சேர்ந்து வேலையைத் தொடங்குகிறார்கள். 4 நாள் கழித்துக் கதிர் விலகிக்கொள்கிறார். வேலை முடிய 6 நாள் இருக்கும்போது மாலாவும் விலகுகிறார். மீதியை யூசுப் தனியாக முடிக்கிறார். மொத்தம் எத்தனை நாள் ஆயிற்று?

திறனறித் தேர்வுகளில் ‘நேரமும் வேலையும்’ பகுதியிலிருந்து வரும் கணக்குகளில் இது நடுத்தரமானது. இதைப் போட இரண்டு வழிகள் உண்டு. பள்ளியில் பழகிய வழி, மொத்த வேலையை 1 என்று வைத்து, ஒவ்வொருவரின் ஒரு நாள் வேலையைப் பின்னமாக எழுதிச் சமன்பாடு அமைப்பது. மற்றது, மொத்த வேலையை 120 யூனிட் என்பதுபோல் ஒரு முழு எண்ணாக வைத்துக்கொண்டு, யார் எத்தனை யூனிட் செய்தார் என்று கூட்டிக் கழிப்பது. இதைச் சிலர் எல்.சி.எம். முறை என்றும் சொல்வார்கள். எதை எப்போது எடுப்பது என்பதை, இதே கணக்கை இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்து முடிவு செய்யலாம்.

சமன்பாட்டு வழி

மொத்தம் x நாள் ஆயிற்று என்று வைப்போம். கதிர் 4 நாள் வேலை செய்தார். மாலா x − 6 நாள், யூசுப் x நாள். மூவர் செய்ததும் சேர்ந்தால் ஒரு முழு வேலை.

4/20 + (x − 6)/24 + x/30 = 1

20, 24, 30 மூன்றுக்கும் மீச்சிறு பொது மடங்கு 120. இருபுறமும் 120ஆல் பெருக்கினால்:

24 + 5(x − 6) + 4x = 120

9x = 126

x = 14

விடை 14 நாள். இந்த வழியில் தவறே இல்லை. ஆனால் கைத்தவறு எங்கே நுழைகிறது என்று கவனியுங்கள். 120ஆல் பெருக்கும் வரியில் அவசரத்தில் 5(x − 6) என்பதை 5x − 6 என்று எழுதிவிடுவது மிகச் சாதாரணம். அப்படி எழுதினால் 9x = 102 ஆகி, 11⅓ நாள் என்று விடை வரும். அது பார்வைக்கு நம்பும்படியான எண். கொடுத்த விருப்பங்களில் அதுவும் ஒன்றாக இருந்தால் சந்தேகமே வராமல் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவீர்கள். வலப்புறத்து 1ஐப் பெருக்க மறப்பது இன்னொரு தவறு. அதில் 9x = 7 என்று வரும்; ஒரு நாளுக்கும் குறைவான விடை என்பதால் உடனே பிடிபட்டுவிடும். பிடிபடாத தவறுதான் மதிப்பெண்ணைத் தின்கிறது.

யூனிட் வழி

இங்கே 120ஐக் கடைசியில் கொண்டுவராமல் முதலிலேயே எடுத்துக்கொள்கிறோம். மொத்த வேலை 120 யூனிட். கதிர் 20 நாளில் முடிப்பவர், எனவே நாளொன்றுக்கு 120 ÷ 20 = 6 யூனிட். மாலா 5 யூனிட். யூசுப் 4 யூனிட். தாளின் ஓரத்தில் க 6, மா 5, யூ 4, மொத்தம் 120 என்று எழுதிவிட்டால் அதற்குப் பிறகு பின்னமே கிடையாது.

இனிக் கதையைக் காலவரிசையில் படியுங்கள். முதல் 4 நாள் மூவரும் இருந்தார்கள். நாளுக்கு 15 யூனிட் வீதம் 60 யூனிட் முடிந்தது. கடைசி 6 நாள் யூசுப் மட்டும் இருந்தார், அது 24 யூனிட். மீதி 120 − 60 − 24 = 36 யூனிட். இதை இடையில் மாலாவும் யூசுப்பும் நாளுக்கு 9 யூனிட் வீதம் 4 நாளில் முடித்தார்கள். ஆக 4 + 4 + 6 = 14 நாள்.

x எங்கும் வரவில்லை. அடைப்புக்குறியும் வரவில்லை. சமன்பாட்டில் அடைப்புக்குறியை விரிக்கும் இடத்தில் வந்த தவறுக்கு இங்கே இடமே இல்லை. விடையைச் சரிபார்க்கவும் அதிக நேரம் ஆகாது: கதிர் 4 நாளில் 24, மாலா 8 நாளில் 40, யூசுப் 14 நாளில் 56. மூன்றையும் கூட்டினால் 120.

இந்தச் சரிபார்ப்பில் இன்னொரு லாபமும் உண்டு. இதே கணக்கை நீட்டி, ‘கூலியை மூவரும் எந்த விகிதத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும்?’ என்று கேட்பது வழக்கம். செய்த வேலைக்கு ஏற்றபடிதான் கூலி, எனவே 24 : 40 : 56, சுருக்கினால் 3 : 5 : 7. வேலை செய்த நாட்களின் விகிதமான 4 : 8 : 14 அல்ல, ஒரு நாள் வேகத்தின் விகிதமான 6 : 5 : 4ம் அல்ல. சமன்பாட்டில் போயிருந்தால் x = 14 கிடைத்த பிறகு மூன்று பின்னங்களிலும் அதைப் போட்டு இந்த விகிதத்தைத் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

இரண்டு வழியையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அடிக்கணக்கு ஒன்றேதான். சமன்பாட்டின் இரண்டாவது வரியில் இருக்கும் 24, 5, 4, 120 ஆகியவைதான் யூனிட் முறையின் எண்கள். வேறுபாடு, மீச்சிறு பொது மடங்கை எப்போது எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. முதலிலேயே எடுத்தால் அது ஒரே ஒரு முறைதான் தேவைப்படும். பின்னத்தில் போனால், ஆட்கள் சேர்ந்து விலகும் ஒவ்வொரு கட்டத்திலும் பின்னங்களைக் கூட்ட அதைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டிவரும். கட்டங்கள் கூடக் கூட யூனிட் முறையின் லாபமும் கூடும்.

மொத்தத்தைத் தேர்ந்தெடுப்பது

120 என்ற எண்ணுக்குத் தனி மகிமை எதுவும் இல்லை. 240 என்று வைத்தால் வேகங்கள் 12, 10, 8 ஆகும். விடை அதே 14 நாள். மொத்தமும் வேகமும் சேர்ந்தே இரட்டிப்பதால் நாட்கள் மாறுவதில்லை. எனவே தேர்வறையில் மிகச் சிறிய மடங்கைத் தேடி நேரம் கழிக்க வேண்டாம். எல்லா எண்ணாலும் மீதியின்றி வகுபடும் ஏதாவது ஒரு எண் போதும்.

அதைக் கண்டுபிடிக்க விரைவான வழி, கொடுத்த எண்களில் பெரியதை எடுத்து அதன் மடங்குகளை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பது. 30, 60, 90, 120. இவற்றில் 24ஆலும் 20ஆலும் வகுபடும் முதல் எண் 120. பகாக்காரணிகளாகப் பிரித்து எழுதுவதைவிட இது பெரும்பாலும் வேகமாக முடியும்.

நாட்கள் பின்னமாக வந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. ஒருவர் 7½ நாள், இன்னொருவர் 10 நாள் என்றால் மொத்தத்தை 30 என்று வையுங்கள். 30இல் 7½ நான்கு முறை அடங்கும், 10 மூன்று முறை அடங்கும். வேகங்கள் 4, 3. சேர்ந்து செய்தால் 30/7, அதாவது 4 2/7 நாள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். மடங்கு எடுப்பதற்கு முன், கொடுத்த எண்கள் எல்லாமே ‘முழு வேலையைத் தனியாக முடிக்கும் காலம்’தானா என்று பார்க்க வேண்டும். ‘கதிர் வேலையின் ⅖ பங்கை 8 நாளில் முடிப்பார்’ என்று வந்தால், 8ஐ நேரடியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முழு வேலைக்கு 20 நாள் என்று மாற்றிய பிறகே மடங்குக்குப் போக வேண்டும். ‘நாளுக்கு 6 மணி நேரம் வீதம் 10 நாள்’ என்றால் 60 மணி நேரம். ஒருவருக்கு நாளும் இன்னொருவருக்கு மணியுமாக வைத்துக்கொண்டு மடங்கு எடுத்தால், அதற்குப் பிறகு போடும் கணக்கு முழுவதும் வீண்.

மொத்தத்தை எப்போதும் 100 என்று வைத்துச் சதவீதத்தில் போடுபவர்களும் உண்டு. 10, 20, 25 நாள் என்றால் 10, 5, 4 என்று அழகாக வரும். 12, 18 என்று வந்தால் 8.33, 5.55 என்று தசமங்களில் மாட்டிக்கொள்வீர்கள். எண்ணைப் பார்த்து மொத்தத்தை முடிவு செய்வதே நல்லது.

யூனிட் முறையில் வரும் தவறு

யூனிட் முறை எடுத்தால் தவறே வராது என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கே உரிய ஒரு குழப்பம் இருக்கிறது. மேலே பார்த்த கணக்கைக் கட்டம் கட்டமாகப் போட்டோம். அதையே ஆள் ஆளாகவும் போடலாம், பலர் அப்படித்தான் போடுகிறார்கள்.

கதிர் 4 நாளில் செய்தது 24. அதைக் கழித்தால் மீதி 96, இது மாலாவும் யூசுப்பும் செய்தது. மாலா கடைசி 6 நாள் இல்லை. அவரும் இருந்திருந்தால் இன்னும் 6 × 5 = 30 யூனிட் கூடுதலாக முடிந்திருக்கும். எனவே 96 + 30 = 126. இருவரின் வேகம் 9. 126 ÷ 9 = 14.

இரண்டு தவறுகள் இங்கேதான் நேர்கின்றன. ஒன்று, ஆள் இல்லை என்பதால் 30ஐக் கழித்துவிடுவது. மாலா கடைசி வரை இருந்ததாகப் பாவித்துக்கொண்டுதான் 9ஆல் வகுக்கிறோம். அப்படிப் பாவித்தால் வேலையின் அளவும் கூடத்தானே வேண்டும்? ஆகவே கூட்டல்தான். கழித்தால் 66 ÷ 9 = 7⅓ என்று வரும். அந்த விடைப்படி மாலா வேலை செய்தது வெறும் 1⅓ நாள், கதிர் விலகுவதற்கு முன்பே அவர் கிளம்பிவிட்டார் என்று ஆகிறது. கேள்வியின் கதைக்கே இது முரண் என்பதால், விடையைக் கதையில் வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்தத் தவறு தப்பாது.

இரண்டாவது தவறு இன்னும் நுட்பமானது. 14 வந்த பிறகு, ‘முதல் 4 நாள் மூவரும் செய்தது தனியாக இருக்கிறதே’ என்று அதையும் கூட்டி 18 என்று முடிப்பது. இந்த வழியில் நாம் கழித்தது கதிரின் 24 யூனிட்டை மட்டும்தான். மாலாவும் யூசுப்பும் முதல் 4 நாளில் செய்ததைக் கழிக்கவில்லை. எனவே 14 என்பது முதல் நாளிலிருந்தே எண்ணிய கணக்கு. முதல் கட்டத்தின் 60 யூனிட்டையும் கழித்திருந்தால்தான் 4ஐப் பிறகு கூட்ட வேண்டும். கட்டம் கட்டமாகப் போவது, ஆள் ஆளாகப் போவது, இரண்டும் சரியான பாதைகள்தாம். பாதியில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போதுதான் விடை கெடுகிறது. எதைக் கழித்தோம் என்று பக்கத்திலேயே ‘கதிர் மட்டும்’ அல்லது ‘முதல் 4 நாள்’ என்று இரண்டு சொல் எழுதிவைத்தால் போதும்.

எந்த எண் யூனிட், எந்த எண் நாள் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். 36 யூனிட் மீதி என்று வந்ததும் 36ஐயே நாளாக எண்ணிக் குறித்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். யூனிட்டை வேகத்தால் வகுத்தால்தான் நாள் கிடைக்கும்.

மாறி மாறி வேலை செய்யும் கணக்குகள்

யூனிட் முறைக்கும் பின்னத்துக்கும் உள்ள இடைவெளி மிகத் தெளிவாகத் தெரிவது இங்கேதான். கதிர் 9 நாளில் முடிக்கும் வேலையை மாலா 12 நாளில் முடிப்பார். ஒருநாள் விட்டு ஒருநாள் மாறி மாறிச் செய்கிறார்கள். முதல் நாள் கதிர். எத்தனை நாளில் முடியும்?

மொத்தம் 36 யூனிட். கதிர் 4, மாலா 3. இரண்டு நாள் கொண்ட ஒரு சுற்றில் 7 யூனிட். 36இல் ஐந்து 7கள் அடங்கும். ஐந்து சுற்று, அதாவது 10 நாளில் 35 யூனிட் முடிந்துவிட்டது. மீதி 1 யூனிட். பதினோராவது நாள் கதிரின் முறை. நாளுக்கு 4 யூனிட் செய்பவருக்கு 1 யூனிட் செய்யக் கால் நாள். விடை 10¼ நாள்.

முதல் நாள் மாலா வந்தால்? 10 நாள் வரை அதேதான். மீதி 1 யூனிட்டை மாலா செய்வார், அவருக்கு ⅓ நாள். விடை 10⅓.

இந்தக் கணக்கைச் சமன்பாடாக எழுத முயன்றால் சங்கடம் உடனே தெரியும். இரண்டு நாள் வேலை 7/36; x சுற்று என்று வைத்து 7x/36 = 1 என்று எழுதினால் x = 36/7, நாட்கள் 72/7, அதாவது 10 2/7. இந்த விடை தவறு. கடைசிச் சுற்றில் இருவரும் பங்குபோட்டு வேலை செய்வதுபோல் சமன்பாடு எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அந்த மீதியை முறைக்கு உரியவர் ஒருவரே செய்கிறார். யார் தொடங்கினாலும் 10 2/7 என்றே சொல்லும் முறை, 10¼ஐயும் 10⅓ஐயும் பிரித்தறிய முடியாது. பின்னத்திலேயே முழுச் சுற்றுகளைக் கழித்து, 35/36 போக மீதி 1/36 என்று சரியாகப் போடவும் முடியும். ஆனால் 7/36 ஒன்றுக்குள் எத்தனை முறை அடங்கும் என்று யோசிப்பதைவிட, 36க்குள் 7 எத்தனை முறை என்பது யாருக்கும் எளிது.

இதே எண்களைத் தொட்டிக்கு மாற்றினால் ஒரு பொறி கிடைக்கும். ஒரு குழாய் காலித் தொட்டியை 9 மணி நேரத்தில் நிரப்பும். இன்னொரு குழாய் நிறைந்த தொட்டியை 12 மணி நேரத்தில் காலி செய்யும். முதல் மணி நேரம் நிரப்பும் குழாய், அடுத்த மணி நேரம் காலி செய்யும் குழாய் என்று மாறி மாறித் திறக்கிறார்கள். தொட்டி எப்போது முதல்முறையாக நிறையும்?

தொட்டி 36 யூனிட். நிரப்புவது +4, காலி செய்வது −3. இரண்டு மணி நேரத்தில் 1 யூனிட் கூடுகிறது. அப்படியானால் 36 யூனிட்டுக்கு 72 மணி நேரம் என்று எழுதத் தோன்றும். ஆனால் நிரப்பும் குழாய் ஒரே மணி நேரத்தில் 4 யூனிட் ஊற்றுகிறது. தொட்டியில் 32 யூனிட் சேர்ந்துவிட்டால், அடுத்த மணி நேரத்திலேயே 36ஐத் தொட்டுவிடும். 32 யூனிட்டுக்கு 64 மணி நேரம், அதற்குமேல் 1 மணி நேரம். விடை 65 மணி நேரம். கூட்டலும் கழித்தலும் மாறி மாறி வரும் எல்லாக் கணக்குக்கும் இதுதான் நடை: மொத்தத்திலிருந்து ஒரு முறை நிரப்பும் அளவை முதலில் எடுத்துவையுங்கள், மீதிக்குச் சுற்றுகளை எண்ணுங்கள், பிறகு அந்தக் கடைசி நிரப்பலைச் சேருங்கள்.

திறனும் காலமும்

‘கதிர் மாலாவைவிட 25% திறன் கூடியவர். மாலா 20 நாளில் முடிக்கும் வேலையைக் கதிர் எத்தனை நாளில் முடிப்பார்?’ இதற்கு 20இல் 25% குறைத்து 15 என்று எழுதுவது பரவலான தவறு. திறன் என்பது வேகம். மாலாவின் வேகம் 4 என்றால் கதிரின் வேகம் 5. மொத்த வேலை 20 × 4 = 80 யூனிட். கதிருக்கு 80 ÷ 5 = 16 நாள்.

‘கதிர் 25% குறைந்த காலத்தில் முடிப்பார்’ என்று கேட்டிருந்தால்தான் 15. அப்போது காலங்கள் 3 : 4, வேகங்கள் தலைகீழாக 4 : 3. கேள்வியில் இருப்பது வேகமா காலமா என்று பார்த்து, வேகத்தை நேரடியாக யூனிட்டாக எழுதினால் குழப்பம் நீங்கும். இந்த வகையில் மடங்கு எடுக்கவே தேவையில்லை. வேக விகிதமே யூனிட், வேகத்தை நாளால் பெருக்கினால் மொத்தம்.

சமன்பாட்டை விட முடியாத இடங்கள்

யூனிட் முறை தொடங்குவதற்கு ஏதாவது ஒரு பிடி வேண்டும்: தனித்தனிக் காலம், அல்லது வேக விகிதம். இரண்டும் இல்லாவிட்டால் அது நகராது.

‘கதிர் ஒரு வேலையை முடிக்க மாலாவைவிட 5 நாள் கூடுதலாக எடுத்துக்கொள்வார். இருவரும் சேர்ந்தால் 6 நாளில் முடிப்பார்கள். தனித்தனியே எத்தனை நாள்?’ இங்கே யாருடைய காலமும் தெரியாது, எதற்கு மடங்கு எடுப்பது? மாலாவுக்கு x நாள் என்று வைத்துச் சமன்பாடு எழுதுவதே நேரான வழி.

1/x + 1/(x + 5) = 1/6

x² − 7x − 30 = 0

(x − 10)(x + 3) = 0

நாள் எதிர்மறையாக வராது, எனவே மாலாவுக்கு 10, கதிருக்கு 15. விடைகள் விருப்பங்களாகக் கொடுக்கப்பட்டிருந்தால் இருபடிச் சமன்பாட்டையும் தவிர்க்கலாம். சேர்ந்து 6 நாள் என்பதால் தனியாக இருவருக்குமே 6க்கு மேல்தான் ஆகும். இருவரில் வேகமானவருக்கு 12க்குக் குறைவாகத்தான் ஆக வேண்டும், ஏனெனில் இருவரும் 12 நாள்காரர்களாக இருந்தாலே சேர்ந்து 6 ஆகிவிடும்; இங்கே ஒருவர் மற்றவரைவிட மெதுவானவர். ஆகவே மாலா 6க்கும் 12க்கும் இடையில். அந்த எல்லைக்குள் இருக்கும் விருப்பத்தை யூனிட்டில் சோதித்துப் பாருங்கள்: 10, 15க்கு மொத்தம் 30, வேகங்கள் 3, 2, சேர்ந்து 5, 30 ÷ 5 = 6. பொருந்துகிறது.

வெறும் இரண்டு பேர், தொடக்கம் முதல் முடிவு வரை சேர்ந்தே வேலை, வேறு திருப்பம் எதுவும் இல்லை என்றால் இரண்டு முறையுமே அதிகம். பெருக்கலைக் கூட்டலால் வகுத்தால் முடிந்தது. 12, 18 என்றால் 216 ÷ 30 = 7.2 நாள். 17, 19 போன்று பொதுக்காரணி இல்லாத எண்கள் வந்தால் மடங்கும் 323 என்று பெரிதாக வரும். அங்கே யூனிட் முறையால் எந்த லாபமும் இல்லை, 323/36 என்று எழுதிவிட்டுப் போகலாம். மூன்றாவது ஆள் வந்தாலோ, யாராவது பாதியில் விலகினாலோ இந்தச் சூத்திரத்தைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

இரண்டும் கைகோக்கும் கணக்கு

இருவகைத் தொழிலாளர் வரும் கணக்குகளில் ஒரு சின்னச் சமன்பாடும் யூனிட்டும் சேர்ந்து வருவதுதான் வசதி. 3 மூத்த தொழிலாளரும் 4 பயிற்சித் தொழிலாளரும் ஒரு வேலையை 10 நாளில் முடிப்பார்கள். அதே வேலையை 5 மூத்தவரும் 2 பயிற்சியாளரும் 8 நாளில் முடிப்பார்கள். 7 பயிற்சியாளர் மட்டும் செய்தால் எத்தனை நாள்?

பழைய வழியில், மூத்தவரின் ஒரு நாள் வேலை 1/x, பயிற்சியாளரின் ஒரு நாள் வேலை 1/y என்று வைத்து இரண்டு சமன்பாடுகளைத் தீர்ப்பார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். இரண்டு குழுவும் செய்வது ஒரே வேலை, அந்த ஒரு வரி போதும். மூத்தவரின் ஒரு நாள் வேலை ம, பயிற்சியாளருடையது ப என்றால்:

10(3ம + 4ப) = 8(5ம + 2ப)

30ம + 40ப = 40ம + 16ப

10ம = 24ப

ம : ப = 12 : 5. இத்துடன் சமன்பாட்டின் வேலை முடிந்தது. இனி மூத்தவருக்கு நாளுக்கு 12 யூனிட், பயிற்சியாளருக்கு 5 யூனிட். மொத்த வேலை 10 × (36 + 20) = 560 யூனிட். இரண்டாவது குழுவில் 8 × (60 + 10) = 560, சரியாக இருக்கிறது. 7 பயிற்சியாளர் நாளுக்கு 35 யூனிட் செய்வார்கள், 560 ÷ 35 = 16 நாள்.

10ம = 24ப என்ற வரியிலிருந்து விகிதத்தை எழுதும்போது எண்கள் இடம் மாறும் என்பதை மறந்து, 10 : 24 என்று அப்படியே எழுதிவிடுவது இங்கே வழக்கமான சறுக்கல். அப்படி எழுதினால் மூத்தவர் 5, பயிற்சியாளர் 12. முதல் குழு 10 × (15 + 48) = 630 யூனிட், இரண்டாவது குழு 8 × (25 + 24) = 392 யூனிட் என்று வரும். ஒரே வேலைக்கு இரண்டு மொத்தம் இருக்க முடியாது. அதனால்தான் இரண்டாவது குழுவிலும் மொத்தத்தைப் போட்டுப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது.

இதே போன்ற சோதனை, ஜோடி ஜோடியாகக் காலம் கொடுக்கும் கணக்குகளிலும் உதவும். கதிரும் மாலாவும் 12 நாள், மாலாவும் யூசுப்பும் 15 நாள், யூசுப்பும் கதிரும் 20 நாள் என்றால் மொத்தம் 60, ஜோடி வேகங்கள் 5, 4, 3. கூட்டினால் 12; ஒவ்வொருவரும் இரண்டு முறை வந்திருப்பதால் மூவரின் வேகம் அதில் பாதி, 6. கதிரின் வேகம் 6 − 4 = 2, மாலா 6 − 3 = 3, யூசுப் 6 − 5 = 1. தனித்தனியே 30, 20, 60 நாள். கூட்டுத்தொகை ஒற்றைப்படையாக வந்து பாதி யூனிட் தொந்தரவு செய்தால், மொத்தத்தை இரட்டித்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள். 10, 12, 15 என்ற ஜோடிகளுக்கு 60 எடுத்தால் வேகங்கள் 6, 5, 4, கூட்டினால் 15, பாதி 7½. 120 எடுத்தால் 12, 10, 8, கூட்டினால் 30, பாதி 15.

ஒருவேளை கழிக்கும்போது யாராவது ஒருவரின் வேகம் எதிர்மறையாக வந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். தொட்டிக் கணக்கில் அது ஓட்டை அல்லது காலி செய்யும் குழாய். அங்கே அது நியாயம்தான். ஆட்கள் செய்யும் வேலையில் அப்படி வந்தால், கழித்ததில் பிசகு, அல்லது எந்த ஜோடிக்கு எந்த நாள் என்பதை மாற்றிப் படித்திருக்கிறீர்கள். கேள்வியின் முதல் வரிக்குத் திரும்பிப் போய் ஜோடிகளை மறுபடி எழுதுவதுதான் அப்போது செய்ய வேண்டியது.